எண்பதாயிரம் ஈந்த ஐம்பதாயிரம்

ஒரே தரவை இரண்டு செயல்கள் ஒரே வேளையில் படித்து மாற்ற முற்படும்போது, அவற்றின் படிகள் எந்த வரிசையில் கலந்து நிறைவேறுகின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறுமாயின், அந்நிலையை நிரலாக்கத் துறையினர் ‘ரேஸ் கண்டிஷன்’, அதாவது போட்டி நிலை, என்று குறிப்பிடுகின்றனர். கைப்பேரேடுகளின் காலத்தில் வங்கிகளுக்கு இத்தொல்லை அரிதாகவே நேர்ந்தது. ஒரு கணக்கு ஒரு கிளைக்கே உரியதாகவும், அதன் பக்கம் ஒரே பேரேட்டில் ஒரே எழுதுவினைஞரின் கையில் இருப்பதாகவும் அமைந்திருந்தமையால், அந்தத் தாளே ஒரு பூட்டாகத் தொழிற்பட்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உள்ள ஏ.டி.எம் இயந்திரங்கள் எல்லாம் ஒரே மையக் கணினியைக் கேட்டுப் பணம் தரும் இன்றைய ஏற்பாட்டில், தாள் இலவசமாகத் தந்த அந்தக் காவலை நிரல் எழுதுபவர் தாமே அமைக்க வேண்டியிருக்கிறது.

இருவரில் எவரும் தனித்துப் பணமெடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கொன்றில் 50,000 ரூபா மீதி இருப்பதாகவும், கணவன் கிளிநொச்சியிலும் மனைவி வவுனியாவிலும் ஏறத்தாழ ஒரே கணத்தில் 40,000 ரூபா வீதம் கேட்பதாகவும் கொள்ளலாம். கவனமின்றி எழுதப்பட்ட நிரலொன்று ஒவ்வொருவருக்காகவும் செய்யும் வேலை இவ்வளவுதான்:

```python
balance = read_balance(acc)
if balance >= amount:
    write_balance(acc, balance - amount)
    dispense(amount)
```

கணவனின் கோரிக்கை மீதியைப் படித்து 50,000 என அறிகிறது. அது புதிய மீதியை எழுதுவதற்கு முன்னரே மனைவியின் கோரிக்கையும் படித்து அதே 50,000 ரூபாவைக் காண்கிறது. இரண்டும் பணம் போதும் என்று முடிவு செய்து, தத்தம் கணக்குப்படி 10,000 என்று எழுதுகின்றன. வெளியேறிய பணம் 80,000 ரூபா. பதிவான மீதியோ 10,000 ரூபா. முதலாவது எழுத்தை இரண்டாவது எழுத்து மூடிவிட்டதால் மீதி எதிர்மறையாக மாறவில்லை; எச்சரிக்கை எதுவும் எழவில்லை; பிழையின் உண்மையான விஷமம் இதுவே. தொடக்க மீதியிலிருந்து கொடுக்கல் வாங்கல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கழித்து, வரும் தொகையைப் பதிவான மீதியோடு ஒப்பிடும்போது மட்டுமே வேறுபாடு தெரியவரும். நிரலைத் தனியொருவர் சோதித்துப் பார்த்தால் இது ஒருபோதும் அகப்படாது என்பதால், படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் வேண்டுமென்றே ஒரு விநாடித் தாமதத்தைப் புகுத்தி, இரண்டு கோரிக்கைகளை ஒருங்கே அனுப்பிப் பார்ப்பது பயனுள்ள சோதனையாகும்.

சில நிரலாளர்கள் இப்படிகளைத் தரவுத்தளத்தின் ‘டிரான்சாக்ஷன்’ ஒன்றுக்குள், அதாவது முழுமையாக நிறைவேறும் அல்லது முழுமையாகக் கைவிடப்படும் ஒரு தொகுதிக்குள், வைத்தாலே போதும் என்று கருதுவர். அது பாதியில் அறுந்துபோவதைத் தடுக்குமேயன்றி, பல தரவுத்தளங்களின் இயல்பு அமைப்பில், இன்னொருவர் அதே மீதியைப் படிப்பதைத் தடுக்காது. சரிபார்த்தலும் கழித்தலும் பிரிக்க முடியாத ஒரே படியாக வேண்டும்:

```sql
UPDATE accounts SET balance = balance - 40000
WHERE id = 27 AND balance >= 40000;
```

முதலில் வரும் கட்டளை அந்தக் கணக்கின் வரிசையைப் பூட்டிக்கொள்ள, இரண்டாவது கட்டளை காத்திருந்து, பூட்டுத் திறந்ததும் நிபந்தனையைப் புதிய மீதியான 10,000 ரூபாவைக் கொண்டு மீண்டும் பார்க்கிறது. மாற்றப்பட்ட வரிசைகள் பூச்சியம் என்ற விடை வந்தால், பணத்தை வழங்காமல் மறுக்க வேண்டியது நிரலின் கடமை. அந்த விடையைப் பார்க்காமலே பணத்தை வழங்கிவிடும் நிரல், சரியான பூட்டு இருந்தும் அதே நட்டத்தையே விளைவிக்கும்.

இது பாடநூலோடு நின்றுவிட்ட ஆபத்தன்று. 2014 மார்ச்சில், பிட்கொயின்களைச் சேமித்து வைக்கும் சேவையாக இயங்கிய கனடாவின் ஃப்ளெக்ஸ்கொயின் நிறுவனம் 896 பிட்கொயின்களை இழந்து மூடப்பட்டது. தாக்கியவர் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும்படி ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, மீதி திருத்தப்படுவதற்கு முன்னரே கணக்கில் இருந்ததை விடக் கூடுதலாக மாற்றிக்கொண்டார் என்று அந்நிறுவனமே அறிவித்தது. தம்பதியருக்குத் தற்செயலாக வாய்த்த இடைவெளியை அவர் திட்டமிட்டே உருவாக்கினார் என்பது மட்டுமே வேறுபாடு.

பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏ.டி.எம் இயந்திரத்துக்கும் மையக் கணினிக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருக்கும்போது எந்த வரிசையையும் பூட்ட இயலாது. அப்போது வங்கிக்கு இரண்டே வழிகள் உள்ளன: பணம் தர மறுப்பது, அல்லது சிறு தொகை வரை தந்துவிட்டுத் தொடர்பு மீண்டதும் கணக்கைச் சரிசெய்து, மிகையாக எடுக்கப்பட்டதை வாடிக்கையாளரிடம் அறவிடுவது. உலகில் இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்த வங்கிகளும் உண்டு. போட்டி நிலையை அவை ஒழிப்பதில்லை, அதனால் இழக்கக்கூடிய தொகைக்கு ஓர் உச்ச வரம்பு வைக்கின்றன.