படுக்கும் உயரத்தைக் கேளுங்கள்

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்வர நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது, காத்மாண்டுவில் இருக்கும் வழிகாட்டிகளின் அறிமுகக் குறிப்புகளைத்தான். தெரிந்த மொழிகள், அழைத்துச் செல்லும் பாதைகள், பயணிகளின் பாதுகாப்பு என்ற மூன்றும் எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். இவற்றில் பாதையிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு வழிகாட்டிக்கு மலை எவ்வளவு தெரியும் என்பது அவர் போட்டிருக்கும் நாள் திட்டத்திலேயே தெரிந்துவிடும்.

திட்டத்தில் ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் உடம்பு ஓரளவு தாங்கும். படுக்கும் உயரம் வேகமாகக் கூடினால்தான் ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேலே அது ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

வழக்கமான திட்டம் இப்படிப் போகும். விமானம் இறங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர். முதல் இரவு அதைவிடத் தாழ்வான பாக்டிங்கில். அடுத்து 3,440 மீட்டரில் நாம்சே. அங்கே இரண்டு இரவு. பிறகு 3,860 மீட்டரில் தெங்போச்சே. அதன்பின் 4,410 மீட்டரில் திங்போச்சே. அங்கேயும் இரண்டு இரவு. பிறகு 4,900 மீட்டரைத் தாண்டிய லோபுச்சே, கடைசியாகக் கோரக் ஷெப். சில நாட்களில் ஏற்றம் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. அதை ஈடுகட்டத்தான் இரண்டு ஓய்வு நாட்களும். 'குறைந்த நாள், குறைந்த செலவு' என்று வரும் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவதும் இந்த ஓய்வு நாட்களே. நாம்சேயில் ஒரே இரவு, மறுநாள் நேராகத் திங்போச்சே என்று இருந்தால், ஒரே நாளில் 970 மீட்டர் கூடுகிறது. அந்தக் குறிப்பை அங்கேயே மூடிவிடலாம்.

அடுத்தது மொழி. மலை நோய் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் என்றுதான் தொடங்கும். அதை முதலில் சொல்ல வேண்டியவர் பயணிதான். சொன்னதைப் புரிந்துகொள்ள வழிகாட்டியால் முடிய வேண்டும். இந்தியோ ஆங்கிலமோ சரளமாகப் பேச வராத அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வழிகாட்டியோடு பேசக்கூடிய ஒருவர் அவர்கள் கூடவே நடக்க வேண்டும். காலையிலும் இரவிலும் அவர்களிடம் இந்த நான்கு அறிகுறிகளையும் கேட்க வேண்டும். குறிப்பில் 'ஆங்கிலம் சரளம்' என்று இருந்தால், புறப்படும் முன்பே போனில் பேசி, 'தலைவலி வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மொழியும் அனுபவமும் அந்தப் பதிலிலேயே தெரியும்.

பாதுகாப்பு என்றதும் ஆக்சிஜன் சிலிண்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எனப் பட்டியல் போடுவார்கள். அவை உதவும்தான். ஆனால் முக்கியமான மருந்து கீழே இறங்குவது. லோபுச்சேயில் மாலையில் ஒருவர் தலைவலியோடு வாந்தி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வழிகாட்டி அவரை நேர்க்கோட்டில் குதிகாலை விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார். தடுமாறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இருட்டில் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. 600 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கும் பெரிச்சேக்கு உடனே இறக்க வேண்டும். அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை மலையேற்றப் பருவங்களில் இயங்குகிறது. வழிகாட்டி நோயாளியோடு இறங்கிவிட்டால் மற்றவர்களை யார் பார்ப்பது? அதனால்தான் குழுவுக்கு உதவி வழிகாட்டி உண்டா என்பதைக் குறிப்பில் தேட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்து, காப்பீட்டுப் பணத்தில் கமிஷன் பார்க்கும் மோசடி 2018இல் வெளிவந்து, நேபாள அரசு விசாரணை நடத்தியது. நடக்க முடிகிறவர் ஓர் இரவு தாழ்வான ஊரில் தங்கினாலே பெரும்பாலும் தேறிவிடுவார். காப்பீடு 6,000 மீட்டர் உயரம் வரையும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று பார்த்து வாங்குங்கள். அவர்களின் அவசர எண்ணை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். அழைப்பதும் நீங்களோ உங்களோடு வந்தவரோ ஆகட்டும்.

முன்பணம் கட்டும் முன் வழிகாட்டியின் அரசு உரிமத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடவே இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: உடம்பு சரியில்லை என்றால் ஏற்றத்தை நிறுத்தும் முடிவை யார் எடுப்பார்கள்? பாதியில் இறங்குகிறவரின் கூடுதல் தங்கும் செலவை யார் ஏற்பார்கள்? இறங்குவதால் வழிகாட்டியின் சம்பளம் குறையாது என்ற உறுதியும் அந்தப் பதிலில் இருக்கட்டும். வருமானம் போகும் என்ற பயம் இல்லாதவர்தான் 'போதும், இறங்குவோம்' என்று நேரத்தோடு சொல்வார்.