அப்பத்தாவின் வாய்ஸ் மெசேஜை வீடியோவில் ஓடவிடும் முன்

காரைக்குடியில் இருக்கும் அப்பத்தா, கந்தரப்பம் சுடும் விதத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் பேத்தி மாவு கரைப்பதையும் எண்ணெயில் ஊற்றுவதையும் படமெடுத்து, அந்தக் குரலையே பின்னணியில் ஓடவிடப் பார்க்கிறாள். போனை காதில் வைத்துக் கேட்டபோது தெளிவாக இருந்த பேச்சு, வீடியோவில் போட்டதும் கரகரக்கிறது. பின்னால் ஃபேன் இரைகிறது, நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது.

பலர் முதல் தவறை இங்கேதான் செய்கிறார்கள். ஒரு போனில் மெசேஜை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இன்னொரு போனில் பதிவு செய்கிறார்கள். இப்படிச் செய்தால் அறையின் எதிரொலியும் குரலில் ஏறிவிடும். ஏறியதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அனுப்பப்பட்ட கோப்பையே கணினிக்கு மாற்ற வேண்டும். அது .opus என்று முடியும். எடிட்டிங் மென்பொருள் அதைத் திறக்க மறுத்தால், இலவசமாகக் கிடைக்கும் ffmpeg ஒரே வரியில் மாற்றித் தரும்:

```
ffmpeg -i appatha.opus -ac 1 -ar 48000 appatha.wav
```

இதனால் தரம் கூடிவிடாது. இனிமேல் குறையாது, அவ்வளவுதான். போனில் தொலைந்த ஒலி தொலைந்ததுதான். பழைய முறை அழைப்புகளில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே கடந்து வரும். ‘ஸ’ போன்ற எழுத்துகளின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அழைப்பில் பெயரைச் சொன்னால் மறுபக்கம் ‘எஸ்ஸா, எஃப்ஆ?’ என்று கேட்பது அதனால்தான். 4ஜி அழைப்புகளில் இந்த எல்லை சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை விரியும். வாய்ஸ் மெசேஜும் பழைய அழைப்பைவிடத் தேவலை. முடிந்தால் அழைப்பைப் பதிவு செய்வதைவிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்வதே நல்லது.

அடுத்தது இரைச்சல். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் Noise Reduction இருக்கிறது. அப்பத்தா பேசாமல் ஃபேன் மட்டும் ஓடும் அரை நொடியைத் தேர்ந்து Get Noise Profile கொடுத்தால், ‘இதுதான் இரைச்சல்’ என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு முழுப் பேச்சையும் தேர்ந்து, இரைச்சலை 6 டெசிபல் குறைத்தால் போதும். ஆசைப்பட்டு 24க்குப் போனால் அப்பத்தா தண்ணீருக்குள் இருந்து பேசுவார். எல்லை மீறியதா என்று கண்டுபிடிக்க அங்கேயே ஒரு வழி உண்டு. Residue என்பதைத் தேர்ந்து கேட்டால், நீக்கப்படும் ஒலி மட்டும் கேட்கும். அதில் வெறும் ஃபேன் சத்தம் இருந்தால் சரி. ‘வெல்லம்’ என்ற சொல் லேசாகக் காதில் விழுந்தால், குரலையும் சேர்த்துத் துடைக்கிறோம் என்று பொருள்.

இந்த உத்தி அழைப்புப் பதிவுகளில் அடிக்கடி பல்லிளிக்கும். யாரும் பேசாதபோது பல வலையமைப்புகள் அறையின் சத்தத்தை அனுப்புவதையே நிறுத்திவிடும். மறுமுனையில் கேட்பது, இணைப்பு அறுந்ததாகத் தோன்றாமலிருக்க போனே உருவாக்கும் மெல்லிய செயற்கை இரைச்சல். நிஜ ஃபேன் சத்தமோ சொற்களுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். இடைவெளியைக் காட்டி மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தால், அது தவறான பாடத்தைப் படிக்கும். பேசும்போது இரைச்சல் எழுந்து, நிறுத்தினால் சட்டென்று அடங்குகிறதா என்று கேட்டாலே இது புரிந்துவிடும். அப்படியானால் அந்த இரைச்சலைத் துரத்த வேண்டாம். வீடியோவில் எடுத்த அடுப்படிச் சத்தத்தை, எண்ணெய் பொரியும் ஓசையோடு குரலுக்கு அடியில் மெலிதாகத் தொடர்ந்து ஓடவிடலாம். ஏற்ற இறக்கம் அதில் மறைந்துபோகும். வெட்டி ஒட்டிய இடங்களும் தெரியாது.

குக்கர் விசில் வேறு கதை. அது ஃபேனைப் போல ஒரே சீராக இல்லாததால், கற்றுக்கொடுத்து நீக்க முடியாது. விசில் இரு வாக்கியங்களுக்கு நடுவில் வந்தால் வெட்டிவிடலாம். ஒரு சொல்லின் மேலேயே விழுந்திருந்தால், அந்த வரியை மட்டும் மறுபடி கேட்பதே சுருக்க வழி: “அப்பத்தா, மாவு ஆட்டுற இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. ஃபேனை நிறுத்திட்டு அதே இடத்துல உட்கார்ந்து, அதே போன்லயே பேசுங்க.” இடமும் போனும் மாறினால் குரலின் நிறமே மாறி, ஒட்டு அப்பட்டமாகத் தெரியும்.

மீதி வேலை சிறியது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை High-Pass Filter கொண்டு வெட்டினால், ‘ப’ சொல்லும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதும் ‘டப்’ ஒலி தணியும். பாட்டிமார் குரல் அதைவிட மேலே இருப்பதால் சேதமில்லை. அதன் பிறகே கம்ப்ரெஸர். அதை முதலில் போட்டால், மெல்லிய குரலோடு மெல்லிய இரைச்சலும் மேலே ஏறிவிடும்.

என்ன செய்தாலும் இது ஸ்டூடியோ குரல் ஆகாது. ஆக்க வேண்டியதும் இல்லை. முதல் காட்சியில் மேசைமேல் இருக்கும் போனில் மெசேஜ் ஓடுவதை இரண்டு நொடி காட்டிவிட்டால், பார்ப்பவர் அந்தத் தரத்தை இயல்பாக ஏற்றுக்கொள்வார். மழுங்கிய ஓரிரு சொற்களைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடலாம். முடித்த வீடியோவை ஹெட்போனில் ஒருமுறையும் சாதாரண போன் ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் சொற்கள் புரியவில்லை என்றால், முதலில் குறைக்க வேண்டியது பின்னணி இசையை.