கோபமான செய்தியும் அவசரமான செய்தியும்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் பாதை கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். வடகீழ்ப் பருவ மழை பலத்துவிட்டால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், பஸ் நிற்கும், அக்கரையும் இக்கரையும் இரண்டாகிவிடும். அந்த நாட்களில் எல்லாக் கைகளும் தொலைபேசிக்குத்தான் போகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. அது போக, ஊரில் நிவாரண வேலைக்கு இறங்கியவர்கள் கொடுக்கும் வாட்ஸ்அப் இலக்கங்களும் இருக்கும். ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான செய்திகள் வந்து விழும் ஓர் இலக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு இருப்பவர் ஒருவர். எதை முதலில் படிப்பது?

வந்த ஒழுங்கில் படிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு மாரடைப்போடு வந்தவரை வெளிநோயாளர் வரிசையில் துண்டு எடுத்து நிற்கச் சொல்வோமா? செய்தி வரிசைக்கும் வாசலில் ஒருவர் நின்று முகம் பார்த்துப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிரல் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அது இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. செய்தியின் உணர்ச்சி நல்லதா கெட்டதா, எவ்வளவு என்பது ஒன்று. ஆபத்தையோ நிலைமை முற்றுவதையோ காட்டும் சொற்கள் உள்ளனவா என்பது மற்றது. வங்கி, தொலைபேசிக் கம்பனி, மின்சார சபை என்று முறைப்பாடு வாங்கும் எந்த இடத்துக்கும் இதே அமைப்புத்தான்.

உணர்ச்சியை அளக்கும் பழைய வழி அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் மனிதர்கள் ஓர் எண் கொடுத்து வைப்பார்கள். ஆங்கிலத்துக்கு 2014இல் வெளிவந்த ‘வேடர்’ என்ற கருவியில் அந்த எண் −4 முதல் +4 வரை; சுமார் ஏழாயிரத்து ஐந்நூறு பதங்கள். செய்தியிலுள்ள சொற்களின் எண்களைக் கூட்டி, ஆச்சரியக்குறி இருந்தால் கொஞ்சம் ஏற்றி, எதிர்மறைச் சொல் இருந்தால் குறியைத் திருப்பிவிட்டால் விடை வந்துவிடும்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கீழே வருபவை யாருடைய செய்தியுமல்ல. கணக்குக் காட்டுவதற்காக நான் எழுதியவை. மாலை ஆறு மணியளவில் இந்த ஒழுங்கில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது: “ரோட்டு லைட் மூணு நாளா எரியல. ஒருத்தனும் எட்டிப் பாக்கல. வெக்கம் கெட்ட வேல!!!” இரண்டாவது: “இண்டைக்கு கிட்டங்கியால பஸ் போகுதா?” மூன்றாவது: “அவசரமில்ல, நிவாரண ஃபோம் எப்ப குடுப்பீங்க?” நான்காவது: “உம்மாட இன்சுலின் முடிஞ்சிட்டு. தாம்போதியால வர ஏலா. நாளைக்கு ஏதும் வழி இருந்தா சொல்லுங்க, ஜஸாகல்லாஹ் ஹைர்.” ஐந்தாவது ஒரே ஆளிடமிருந்து மூன்று துண்டாக, ஆங்கில எழுத்தில் வருகிறது:

```
thanni veetukulla vanthittu
pullayal rendu per
mesaikku mela irikkam
```

உணர்ச்சியை மட்டும் கூட்டினால் தெருவிளக்குக்காரர் −6 வாங்கி முதலிடத்துக்குப் போகிறார்: வெட்கம் கெட்டதற்கு −3, இரண்டு ‘இல்லை’களுக்கு ஒவ்வொன்று, ஆச்சரியக்குறிகளுக்கு ஒன்று. மூன்றாவது செய்தியில் ‘அவசரம்’ என்ற சொல் இருப்பதால் அதற்கு −2. பஸ் கேட்டவருக்குப் பூச்சியம். மேசைமேல் பிள்ளைகளோடு இருப்பவருக்கும் பூச்சியம், ஏனென்றால் அவருடைய ஆங்கில எழுத்து எதுவும் தமிழ் அகராதியில் இல்லை. இன்சுலின் கேட்ட மகனுக்கோ ‘ஏலா’வுக்கு −1, நன்றிப் பிரார்த்தனைக்கு +3, ஆக +2. ஐந்து பேரில் மிக மகிழ்ச்சியானவர் அவர்தான் என்று நிரல் முடிவு கட்டி, கடைசியில் தள்ளிவிடுகிறது.

இந்தத் துறையில் முதலில் அடிபடும் இடம் இதுதான். கோபம் உணர்ச்சி அளவியில் பளிச்சென்று தெரியும்; அவசரம் அப்படித் தெரிவதில்லை. உண்மையிலேயே சிக்கியிருப்பவர் திட்டுவதற்கு நேரம் செலவழிப்பதில்லை. உதவி கேட்கும்போது மரியாதை கூடும் நம் ஊர்ப் பழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. சலாம், துஆ, நன்றி எல்லாம் நல்ல எண்களாகி ஆபத்தை மூடிவிடுகின்றன. ஆகவே வணக்கச் சொற்களையும் பிரார்த்தனைச் சொற்களையும் கூட்டலிலிருந்து நீக்குவது முதல் திருத்தம்.

இதே பாடத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் படித்தார்கள். ‘கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ என்ற நிறுவனம் 2013இல் தொடங்கப்பட்டது. மன நெருக்கடியில் இருப்பவர்கள் குறுஞ்செய்தி அனுப்பினால் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் பதில் எழுதுவார். முதலில் வந்தவருக்கு முதலில் பதில் என்றுதான் ஆரம்பித்தார்கள். பின்னர், எந்த உரையாடல்கள் அவசர சேவையை அனுப்பும் அளவுக்குப் போயின என்ற பழைய பதிவுகளைக் கொண்டு, எந்தச் சொற்கள் அவற்றில் முன்கூட்டியே வந்திருந்தன என்று கணக்குப் பார்த்தார்கள். தற்கொலை என்ற சொல்தான் மிகப் பெரிய அடையாளம் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் வீட்டு அலுமாரியில் கிடக்கும் சாதாரண வலி மாத்திரையொன்றின் பெயர், அந்தச் சொல்லைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஆபத்தைச் சுட்டியது. மனத்தில் இருப்பதைச் சொல்லும் சொல்லைவிட, கையில் இருப்பதைச் சொல்லும் சொல் கனமானது. அதன்பின் அங்கே வரிசை ஆபத்தின்படி அமைந்தது.

நாவிதன்வெளி வெள்ளத்துக்கு அந்தச் சொற்கள் எவை? அவற்றை மேசையில் இருந்து யோசித்து எழுதினால் ‘ஆபத்து’, ‘அவசரம்’, ‘காப்பாற்றுங்கள்’ என்றுதான் வரும். முந்தைய வருடச் செய்திகளை எடுத்து, எவற்றுக்குப் படகோ அம்புலன்ஸோ போனது என்று பிரித்துப் பார்த்தால் வேறு பட்டியல் வரும் என்றே எதிர்பார்க்கிறேன்: மருந்தின் பெயர்கள், மேசை, கட்டில், கூரை, மாதக் கணக்கோடு வரும் வயிறு, ‘சார்ஜ் ரெண்டு பர்சன்ட்’. ‘ஏலா’ என்ற சொல்லையும் மறக்கக் கூடாது. முடியாது என்பதற்கும் அதுதான், உடம்பு சுகமில்லை என்பதற்கும் அதுதான். சென்னையில் செய்த பட்டியலில் அது இருக்காது.

முறைப்பாட்டு மேசைகளில் தேடும் சொற்கள் இன்னொரு வகை: ‘மூணாம் தரம் சொல்றன்’, ‘மேலதிகாரிட்ட போவன்’, ‘மனித உரிமை ஆணைக்குழு’, ‘பேஸ்புக்ல போடுவன்’. இவை நிலைமை முற்றுவதைக் காட்டுகின்றன, உயிராபத்தை அல்ல. இரண்டையும் ஒரே எண்ணில் கூட்டுவது பலரும் செய்யும் தவறு. இரண்டு எண்களாக வைத்து, முதலாவதைப் படகு அனுப்புபவருக்கும் இரண்டாவதை அதிகாரிக்கும் திருப்புவதே சரி. தெருவிளக்குக்காரருக்கும் பதில் வேண்டும்தானே.

சொற்பட்டியல் தயாரானாலும் தமிழ் இலக்கணம் இரண்டு முட்டுக்கட்டை போடுகிறது. வேடர் போன்ற ஆங்கிலக் கருவிகள் எதிர்மறையைத் தேடுவது சொல்லுக்கு முன்னால், மூன்று சொல் தூரம் வரை. தமிழில் ‘இல்லை’ பின்னால் வரும்; அல்லது ‘வரல’, ‘எரியல’ என்று வினையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ‘அவசரமில்ல’ என்றவர் அவசரக்காரரானார். பின்னால் பார்க்கும்படி மாற்றினால் அது சரியாகும். ஆனால் ‘தண்ணி இல்ல’, ‘மருந்து இல்ல’ என்பவற்றில் ‘இல்ல’ ஆபத்தைக் குறைப்பதில்லை, அதுவேதான் ஆபத்து. ஆகவே விதி இப்படி அமைய வேண்டும்: உணர்ச்சிச் சொல்லின் பின்னால் ‘இல்ல’ வந்தால் குறைக்கவும், தேவைப் பொருளின் பின்னால் ‘இல்ல’, ‘முடிஞ்சி’ வந்தால் ஏற்றவும்.

மற்றது ஆங்கில எழுத்து. தண்ணியை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எல்லாவற்றையும் பிடிக்க இப்படி ஒரு வடிவம் கொடுக்கலாம்:

```
th?an+(i|ee|y)
```

இது `thanni`, `tanni`, `thannee` மூன்றையும் பிடிக்கும். `thaniyar bus oduma` என்று தனியார் பஸ்ஸைக் கேட்டவரையும் வெள்ளத்தில் தள்ளிவிடும். ஆகவே தனிச் சொல்லுக்குப் புள்ளி கொடுக்காமல், தண்ணியும் வீடும் அல்லது தண்ணியும் ஏறுவதும் ஒரே செய்தியில் சேர்ந்து வந்தால் மட்டும் கொடுப்பது நல்லது. பெரிய தரவில் பழக்கிய மாதிரியை எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். 2020இல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவுத்தொகுப்பொன்றில் 15,744 யூடியூப் கருத்துகள் மனிதர்களால் வகைப்படுத்தப்பட்டுள்ளன, நல்ல வேலை. ஆனால் அவை திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. ‘மரண மாஸ்’ என்பது அங்கே பாராட்டு.

இனி நம் ஐந்து செய்திகளுக்கும் திரும்பக் கணக்குப் போடுவோம். மருந்துக்கு 5, அதனோடு ‘முடிஞ்சிட்டு’ வந்ததற்கு 2, ‘வர ஏலா’வுக்கு 2. வீட்டுக்குள் தண்ணிக்கு 5, பிள்ளைகளுக்கு 3. உணர்ச்சிக்கு எவ்வளவு கோபமானாலும் உச்சம் 2. இன்சுலின் 9, மேசைமேல் இருப்பவர் 8, தெருவிளக்கு 2, மற்ற இருவரும் 0. ஆனால் அந்த 8 கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. மூன்று துண்டும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனியே எண்ணினால் இரண்டாவது துண்டு வெறும் ‘பிள்ளைகள் ரெண்டு பேர்’, மூன்றாவதுக்குப் பூச்சியம். ஒரே இலக்கத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வருவதை ஒட்டிவிட்டுப் பிறகு கணக்கிட வேண்டும்.

ஒன்பதா எட்டா என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். படகு ஒன்றுதான் என்றால் எனக்குத் தெரிந்த யாரும் முதலில் பிள்ளைகளிடம் போவார்கள். இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் நோயாளிக்கு ஒரு நாள் தவறுவதும் ஆபத்து என்பதால், அடுத்ததாக அங்கே. அந்த முடிவை எடுப்பவர் மனிதர். இரண்டையும் அவர் கண்ணில் படவைப்பதோடு நிரலின் வேலை முடிகிறது.

எல்லைக்கோட்டை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். நானூறு செய்தியில் உண்மையான அவசரம் பத்து என்று வைத்துக்கொண்டால், 4 புள்ளியில் கோடு போட்டு அறுபதைப் பிடித்துப் பத்தையும் காப்பாற்றலாம். 7இல் போட்டுப் பதினைந்தைப் பிடித்து மூன்றைத் தவறவிடலாம். ஐம்பது வெற்று எச்சரிக்கையைப் படிக்க ஒரு மணித்தியாலம் போதும். வெள்ளத்தில் நான் 4ஐத்தான் எடுப்பேன்; மின்கட்டண முறைப்பாட்டுக்கு 7 போதும். தவறவிட்டவை தாமாக வந்து சொல்லா. பூச்சியம் வாங்கிய செய்திகளில் இருபதைக் குலுக்கி எடுத்து ஒவ்வொரு நாளும் ஒருவர் படிக்க வேண்டும். தப்பியது ஒன்று கிடைத்தால் அதிலுள்ள சொல் மறுநாள் பட்டியலில் ஏறும்.

அந்தச் செய்திகளைப் பாதுகாப்பதும் பொறுப்புத்தான். மேலே சொன்ன அமெரிக்க நிறுவனம், பெயர் நீக்கிய உரையாடல் தரவைத் தன்னிலிருந்து கிளைத்த, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ‘லோரிஸ்’ கம்பனியோடு பகிர்ந்தது. 2022 ஜனவரியில் அது செய்தியாகிக் கண்டனம் எழுந்ததும் பகிர்வை நிறுத்தியது.

இவை எல்லாம் எழுத்துக்கு. நம் பக்கத்தில் வயதானவர்கள் பலர் எழுதுவதில்லை, குரல் செய்தி அனுப்புகிறார்கள். சொற்பட்டியலுக்கு அது வெற்றுக் கோப்பு, புள்ளி பூச்சியம். அதனால் வெள்ள நாட்களில் குரல் செய்திகளுக்குப் புள்ளியே போடக் கூடாது. எல்லைக்கோட்டுக்கு மேலே வைத்து, ஒருவர் காதால் கேட்க விட்டுவிட வேண்டும்.