முதலில் வரும் 150 ரூபாய்

காரைக்காலில் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும் வழிகள் குறைவு. துறைமுகம், ஜிப்மர், அரசுத் தேர்வுக்கான காத்திருப்பு, அதுவும் இல்லையென்றால் வளைகுடா விசா. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வந்துவிட்டால் கடலோரக் கிராமங்களில் வருமானம் இன்னும் இறுகும். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கைபேசியில்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்து விழுகிறது: "வணக்கம், எங்கள் நிறுவனத்தில் பகுதிநேர வேலை. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். தினமும் 2,000 வரை சம்பாதிக்கலாம்." அனுப்பியவர் தன்னை எச்.ஆர். என்று சொல்லிக்கொள்வார். எண்ணின் முன்னால் +62, +84, +254 என்று இந்தோனேசியா, வியட்நாம், கென்யாவின் குறியீடு இருக்கலாம். இந்திய எண்ணிலிருந்தும் வருவதுண்டு. ஆகவே +91 இருப்பதை நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று லைக் போட்டு அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால், 150 ரூபாய் உண்மையாகவே வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. இந்த மோசடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. லாட்டரி, பரிசு என்று வரும் செய்திகளைச் சிரித்துக்கொண்டே அழித்துவிடுகிற விவரமானவர்கள் கூட இதில் விழுவதற்கு, அந்தப் பணம் கையில் வந்ததுதான் காரணம். "ஏமாற்றுகிறவன் எதற்குக் காசு தருவான்?" என்று வீட்டில் கேட்பவர்களின் வாயை அந்த 150 ரூபாய் அடைத்துவிடுகிறது.

அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே நிறைய பேர் இருப்பார்கள். "எனக்கு 8,000 வந்தது", "நன்றி மேடம்" என்று வரிசையாக ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக் கும்பலே இயக்கும் கணக்குகள். லைக் போடும் டாஸ்க்குகளுக்கு நடுவே ஒரு நாள் 'ப்ரீபெய்டு டாஸ்க்' வரும். 1,000 கட்டினால் 1,300 திரும்பும் என்பார்கள், திரும்பவும் செய்யும். வேலை என்று தொடங்கியது முதலீடாக மாறிய இடம் அதுதான். ஆனால் பெயர் மட்டும் கடைசிவரை 'டாஸ்க்' என்றே இருக்கும்.

2023 ஜூலையில் ஹைதராபாத் போலீசார் வெளிக்கொண்டு வந்த வழக்கு இந்தப் பாதையை முழுதாகக் காட்டுகிறது. புகார் கொடுத்தவருக்கு டெலிகிராமில் வந்தது, மதிப்பீடும் விமர்சனமும் எழுதும் வேலை. ஓர் இணையதளத்தில் பதிவு செய்து, முதலில் 1,000 ரூபாய் போட்டார். 866 ரூபாய் லாபம் கிடைத்தது. பிறகு 25,000 போட்டதும் திரையில் 20,000 லாபம் காட்டியது. ஆனால் அதை எடுக்க விடவில்லை, மேலும் போடச் சொன்னார்கள். தொடர்ந்து போனதில் அவர் இழந்தது 28 லட்சம். அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துப் போன போலீசார், 33 போலி நிறுவனங்களின் பெயரில் திறக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகளைக் கண்டார்கள். பணம் அவற்றின் வழியே துபாய்க்கும் அங்கிருந்து கிரிப்டோவுக்கும் போயிருந்தது. சுமார் 15,000 பேரிடமிருந்து 712 கோடி ரூபாய் சுருட்டப்பட்டதாகப் போலீசார் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இத்தகைய வேலை மோசடிக்குப் பயன்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது.

1,000, 25,000, 28 லட்சம் என்று தொகை தாவும்போது ஒருவருக்கு ஏன் உறைக்காது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். திரையில் தெரியும் இருப்புத் தொகைதான் அவரைக் கட்டிப்போடுகிறது. அந்த இணையதளமே கும்பலுடையது, அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அவர்கள் தட்டச்சு செய்யலாம். கட்டுகிறவரோ புதிதாக எதையும் இழப்பதாக நினைப்பதில்லை, தன் பணத்தை மீட்பதற்காகக் கட்டுவதாகவே நினைக்கிறார். "நீங்கள் டாஸ்க்கைத் தப்பாகச் செய்தீர்கள், குழுவில் எல்லோருடைய பணமும் முடங்கிவிட்டது" என்று அவர் தலையிலேயே பழியைப் போடுவார்கள். கடைசியில் வருமான வரி கட்டினால்தான் பணம் வெளியே வரும் என்பார்கள். இந்த ஒரு வார்த்தையிலேயே பொய் வெளிப்படுகிறது. சம்பளத்திலோ கமிஷனிலோ வரி பிடிக்க வேண்டியிருந்தால், கொடுக்கும் தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நம்மிடம் தனியாக வாங்கிக் கட்டுகிற முறை எந்த முதலாளிக்கும் கிடையாது.

அவ்வளவு தூரம் போகாமல் முதல் நாளே கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. யுபிஐயில் பணம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அது அவர் வங்கியில் பதிந்த பெயர். பெரிய விளம்பர நிறுவனம் என்று சொல்லிவிட்டு, அங்கே யாரோ ஒரு தனிநபரின் பெயரோ, ஊர் தெரியாத ஒரு மளிகைக் கடையின் பெயரோ வந்தால், அது கூலிக்கு எடுத்த மியூல் கணக்கு. அடுத்த முறை பெயர் மாறியிருக்கும், அதற்கடுத்த முறை இன்னொன்று. கணக்குகள் முடக்கப்பட முடக்கப்பட அவர்கள் வேறு கணக்குக்கு மாறுவதுதான் காரணம். நமக்கு வந்த 150 ரூபாய் யார் கணக்கிலிருந்து வந்தது என்பதையும் வங்கிப் பதிவில் பார்க்கலாம். அங்கேயும் இதே கதைதான்.

அந்த 150-ஐ வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். வேண்டாம். அது வேறு ஊரில் ஏமாந்த ஒருவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்து, போலீசார் அந்தப் பணம் போன வழியெல்லாம் கணக்குகளை நிறுத்திவைக்கும்போது நம் கணக்கும் சிக்கும். அம்மாவின் ஓய்வூதியம் வருகிற கணக்காக அது இருந்துவிட்டால், விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி அலைய வேண்டியிருக்கும். அந்த வேலையே இருக்க முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும். காசு கொடுத்து லைக் வாங்குவதை யூடியூப் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. கூகுள் மேப்பில் காசுக்கு விமர்சனம் எழுதுவதும் அப்படியே.

பணம் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது 1930-க்கு அழைப்பது. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு போனது, அதன் 12 இலக்க யூடிஆர் எண் என்ன என்று கேட்பார்கள். அதை வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள், நகர்ந்துவிட்டால் அடுத்த வங்கிக்குத் தகவல் தொடரும். கும்பல் மணிக்கணக்கில் காத்திருக்காது, ஆகவே குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கும் அந்த ஒரு இரவுதான் பெரிய இழப்பு. பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். வங்கியே ஈடு செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கு ரிசர்வ் வங்கி தரும் பாதுகாப்பு, நாமே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அப்படியே பொருந்தாது.

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. வீடு புதுச்சேரி ஆட்சிப் பகுதியில், வங்கிக் கிளை நாகப்பட்டினத்தில், ஏமாற்றியவன் எந்த ஊரோ தெரியாது. எங்கே புகார் கொடுப்பது என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் காவல் நிலையம் புகாரைப் பதிய வேண்டும். போகும்போது கைபேசியில் ஆதாரம் இருக்க வேண்டும். டெலிகிராமில் எதிராளி தன் பக்கத்திலிருந்தே உரையாடலை நம் கைபேசியிலும் சேர்த்து அழித்துவிட முடியும். ஆகவே சந்தேகம் வந்தவுடன் அவரோடு சண்டை போடாமல், குழுவை விட்டு வெளியேறாமல், செய்திகளையும் பயனர் பெயர்களையும் கணக்கு எண்களையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கைபேசிக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.