மறதி நோயும் பழைய பாட்டும்: முதியோருக்கு இசை கேட்கச் செய்யும் முறை

நெடுநாள் பழகிய ஒரு பாட்டு மூளையின் ஒரே மூலையில் பதிந்திருப்பதில்லை. மெட்டு, தாளம், சொற்கள், அதைக் கேட்டபோது எழுந்த உணர்ச்சி, கூடவே பாடிப் பாடி வாய்க்குப் பழகிய அசைவு என ஒவ்வொன்றும் வெவ்வேறு பகுதிகளில் தங்குகின்றன. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய செய்திகளை நினைவில் சேர்க்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும்தான். அதனால், காலையில் சாப்பிட்டது மறந்துபோன ஒருவர் இளமையில் கேட்ட பாட்டை அடி பிறழாமல் பாடுவதுண்டு.

இதற்குப் பெயர்பெற்ற சான்று இங்கிலாந்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் கிளைவ் வேரிங். 1985இல் மூளை அழற்சி அவருடைய ஹிப்போகேம்பஸைச் சிதைத்தது. அதன்பின் சில நொடிகளுக்கு முன் நடந்தது கூட அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனாலும் பியானோ முன் அமர்ந்தால் வாசித்தார். பாடகர் குழுவை முன்னின்று நடத்தவும் அவரால் முடிந்தது. அவருக்கு வந்தது அல்சைமர் அல்ல. ஆனால் இசை நினைவு வேறொரு வழியில் பிழைத்திருக்கும் என்பதை அவர் நிலை காட்டியது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் இதை மூளைப் படங்கள் மூலம் ஆராய்ந்தனர். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது இயங்கும் பகுதிகள், அல்சைமர் நோயாளிகளிடம் மற்ற பல பகுதிகளை விடக் குறைவாகவே சுருங்கியிருந்தன.

எல்லாப் பாட்டும் இப்படி நிலைப்பதில்லை. ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை கேட்டவைதான் மிக ஆழமாகப் பதிகின்றன. படிப்பு, முதல் வேலை, திருமணம் என்று வாழ்க்கை உருவான காலம் அது. 1945இல் பிறந்தவருக்கு இது 1955க்கும் 1975க்கும் இடைப்பட்ட காலம். விவித் பாரதியும் இலங்கை வானொலியும் வீட்டில் ஒலித்த நாட்கள். 1955இல் பிறந்தவருக்கோ 1965 முதல் 1985 வரை. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பாடல்களும் இதில் அடங்கும். ‘பழைய பாட்டு’ என்று பொதுவாக ஒரு தொகுப்பை எல்லாருக்கும் ஒலிக்கவிடுவது பலனளிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

மனநிலையை இசை மாற்றுவதற்கு வேறொரு வழி இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2011இல் வெளியான ஆய்வில், பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரப்பது தெரியவந்தது. உச்சக்கட்டம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே ஒரு பகுதியிலும், அது வந்தபின் இன்னொரு பகுதியிலும் டோபமின் சுரந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பாட்டு இன்பம் தருவதன் காரணம் இதிலிருந்து விளங்கும். எதையும் உறுதியாகப் பற்றிக்கொள்ள முடியாமல் தவிக்கும் மறதி நோயாளிக்கு, அடுத்த அடி தானாக நாவில் வருவது பெரிய ஆறுதல்.

இனிச் செய்முறைக்கு வரலாம். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா கெர்ட்னர் 1990களில் வகுத்த வழியில் இரண்டு விதிகள் முக்கியமானவை. பாட்டு அந்த ஒருவருக்கென்றே தேர்ந்ததாக இருக்க வேண்டும்; பதற்றம் உச்சத்துக்குப் போகும் நேரத்துக்குச் சுமார் 30 நிமிடம் முன்பே கேட்கத் தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 80 வயதுப் பாட்டி ஒருவர். நாள்தோறும் மாலை ஐந்து மணியானால் “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறார். மாலையில் தடுமாற்றம் கூடுவது மறதி நோயில் அடிக்கடி காணப்படுவது. முதல் வேலை, பிள்ளைகளிடமும் உடன்பிறந்தவர்களிடமும் கேட்டுப் பட்டியல் எடுப்பது. அம்மா சமைக்கும்போது எதை முணுமுணுப்பார்? கோயிலில், தேவாலயத்தில் எதைச் சேர்ந்து பாடினார், அல்லது நாகூர் ஹனிபா பாடல் கேட்டு வளர்ந்தவரா? எந்தப் பாட்டைக் கேட்டால் அழுவார்? எட்டுப் பத்துப் பாடல்கள் சேர்ந்தால் தொடங்கப் போதும்.

நாலரை மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்து, பழகிய நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்குத் தெரியும்படி எதிரே அமர்ந்து, “அம்மா, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு வைக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். ஒலி, பேச்சுக் குரலின் அளவில் இருந்தால் போதும். முதலில் மிக மெல்லிய பாட்டு வேண்டாம். மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் சொன்ன முறைப்படி, அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கிப் படிப்படியாக மாற்ற வேண்டும். பாட்டி நிலைகொள்ளாமல் இருந்தால் முதலில் துள்ளலான இரண்டு பாட்டு, பிறகு நடுத்தர வேகத்தில் இரண்டு, கடைசியில் தாலாட்டு போன்ற அமைதியான ஒன்றிரண்டு. மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

கேட்கும்போது முகத்தைக் கவனிக்க வேண்டும். உதடு அசைவது, விரல் தாளம் போடுவது, கண் நிமிர்வது நல்ல அறிகுறிகள். முகத்தைத் திருப்புவது, காதைப் பொத்துவது, சேலையைப் பிசைவது தெரிந்தால் அந்தப் பாட்டை நிறுத்திவிட வேண்டும். கண்ணீர் மட்டும் இரண்டு விதமாக இருக்கலாம். உடல் தளர்ந்து, பேச்சும் வந்தால் தொடரலாம். மூச்சு வேகமாகி உடல் இறுகினால் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கணவரை இழந்தவருக்குக் கல்யாணப் பாட்டும், பிள்ளையை இழந்தவருக்குத் தாலாட்டும் காயத்தைக் கிளறக்கூடும்.

முதியோர் இல்லத்தில் குழுவாகச் செய்வதென்றால் ஆறேழு பேர் வட்டமாக அமர்வது வசதி. வயது பத்தாண்டுக்குள் ஒத்திருந்தால் பொதுவான பாடல்கள் கிடைக்கும். கும்மிப் பாட்டுக்குக் கைதட்டலாம். பஜனைக்கு ஜால்ரா கொடுக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு சற்று நேரம் பேச விடவேண்டும். “இது எந்தப் படம், சொல்லுங்க பார்ப்போம்” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். பதில் வராதபோது அது தேர்வில் தோற்ற உணர்வைத் தருகிறது. “இந்தப் பாட்டு வந்தப்போ ஊர்ல எப்படி இருந்துச்சு?” என்றால் எந்தப் பதிலும் சரியான பதிலே.

வழக்கமாக நேரும் தவறுகள் சில. பாட்டுக்கு நடுவே உரத்த குரலில் விளம்பரம் வந்து திடுக்கிட வைக்கும். ஆகவே பாடல்களை முன்பே பதிவிறக்கி வைப்பது நல்லது. வயதானால் உச்ச ஒலிகள் சரியாகக் கேட்காது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். கருவிகள் குறைந்து குரல் தெளிவாக உள்ள பதிவே ஏற்றது. ஹெட்ஃபோனைக் கண்டு மிரளுபவருக்கு அருகில் வைக்கும் சிறு ஒலிபெருக்கி போதும். நாள் முழுக்க ஓடும் பாட்டை மூளை கவனிப்பதை நிறுத்திவிடும்.

இசையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். மறதி நோயாளிகளுக்கான இசைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, குறைந்தது ஐந்து அமர்வுகள் நடந்தால் மனச்சோர்வு குறைய வாய்ப்புண்டு என்றது. நினைவுத்திறனிலோ கொந்தளிப்பிலோ பெரிய மாற்றம் இராது என்றும் அது சொன்னது. நோயின் போக்கை இசை திருப்பாது. சிலருக்கு அமைதி தருவது வேறு சிலருக்குத் தராமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு நாளும் பாட்டின் பெயர், நேரம், முன்னும் பின்னும் இருந்த நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தால், இரண்டு வாரத்தில் எது உதவுகிறது என்று தெரியும்.

அமைதியாக இருந்தவர் திடீரென்று ஓரிரு நாளில் கொந்தளித்தால் பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, வலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; பாட்டு அதற்குப் பிறகுதான்.