மயங்கிய அந்த ஒரு நிமிடம்

ஆபீசில் மயங்கியவர் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். நாடி சீராக இருக்கும், பிரஷர் சரியாக இருக்கும், சிரித்துப் பேசவும் செய்வார். டாக்டருக்கு வேண்டியதோ மயங்கிக் கிடந்த அந்த ஒரு நிமிடம். அது மேஜைப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மயங்கியவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் டாக்டர் எடுத்தவுடன், "அப்போ கூட யார் இருந்தாங்க?" என்று கேட்கிறார். கூட இருந்தவர் கிளினிக்குக்கு வருவதில்லை. அவருக்குப் பதிலாகப் போவது முதலுதவியாளர் எழுதிய அரைப் பக்கத் தாள்.

அப்படி ஒரு தாளை டீ குடித்துக்கொண்டே வரி வரியாகப் பார்ப்போம். விளக்குவதற்காக நானே எழுதிக்கொண்ட மாதிரிக் குறிப்புதான் இது. ஆனால் இதில் வருவதெல்லாம் எந்த ஆபீசிலும் நடக்கக்கூடியவை.

"வெள்ளிக்கிழமை. இரண்டாம் மாடி, கணக்குப் பிரிவு. பெண், வயது 34.

11:40. பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது: 'கண்ணை இருட்டிக்கிட்டு வருது, காது அடைக்குது' என்றாராம். முகம் வியர்த்தது. உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்தார். நெற்றி மானிட்டர் ஓரத்தில் இடித்தது. தோளைப் பிடித்து நாற்காலியிலேயே நிமிர்த்தி வைத்தபோது இரு கைகளும் நாலைந்து முறை உதறின.

11:41. நான் வந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன், பதில் இல்லை. இருவர் சேர்ந்து தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். மூச்சு சீராக இருந்தது. உதறல் இல்லை. கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்தோம்.

11:42. கண் திறந்தார். 'என்னாச்சு?' என்றார். பெயர், கிழமை, இடம் மூன்றையும் சரியாகச் சொன்னார். கீழிமையின் உட்புறமும் உதடும் வெளிறியிருந்தன. நெற்றி குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாடி 30 விநாடியில் 27."

இதற்குப் பின்னும் குறிப்பு நீள்கிறது. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது, எது யார் சொன்னது என்று பிரித்து எழுதியிருப்பது. முதலுதவியாளர் வந்தது 11:41க்கு. அதற்கு முன் நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பக்கத்து இருக்கைக்காரரின் வாய்மொழியாகவே எழுதுகிறார். "கைகள் உதறின" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதை அவரே பார்த்ததாக டாக்டர் எடுத்துக்கொள்வார். தாளில் மூன்று குரல்கள் இருக்கலாம்: நான் பார்த்தது, பிறர் சொன்னது, மயங்கியவரே சொன்னது. மூன்றும் கலந்துவிட்டால் எதை எவ்வளவு நம்புவது என்று படிப்பவருக்குத் தெரியாது.

அடுத்து அந்த உதறல். கை உதறியதும் பக்கத்தில் யாராவது ஒருவர் "வலிப்பு!" என்று கத்துவார். இன்னொருவர் சாவிக்கொத்தைத் தேட ஓடுவார். கையில் இரும்பைத் திணிப்பதால் எந்த வலிப்பும் நிற்பதில்லை. வலிப்பு பெரும்பாலும் தானாகவே ஓரிரு நிமிடங்களில் அடங்கும், சாவிக்குப் பெயர் கிடைத்துவிடும். அது கிடக்கட்டும். இங்கே விஷயம் என்னவென்றால், சாதாரண மயக்கத்திலும் கை கால் உதறும். மூளைக்கு ரத்தம் குறையும்போது சில விநாடிகள் அப்படி நடப்பதுண்டு. மயங்கியவரை நாற்காலியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஏன் என்று பார்ப்போம். பயம், வலி, புழுக்கம், வெறும் வயிறு, நீர்ச்சத்துக் குறைவு என்று ஏதோ ஒன்றால் உடம்பின் நரம்பு அனிச்சை தூண்டப்படுகிறது. இதயத் துடிப்பு மெதுவாகிறது. கால் பக்க ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் கீழேயே தேங்குகிறது. பிரஷர் இறங்கி, தலைக்குப் போகும் ரத்தம் குறைந்து, நினைவு போகிறது. நின்றிருப்பவர் தரையில் விழுந்துவிடுவார். விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் ரத்தம் திரும்பி, கண் திறப்பார். நாற்காலியில் இருப்பவர் விழுவதில்லை. அக்கறையுள்ள நாலு பேர் விழவும் விடமாட்டார்கள். தோளைத் தாங்கி நிமிர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். மயக்கம் நீள்வதற்கு அதுவே போதும்.

அதனால்தான் குறிப்பில் "நாற்காலியிலேயே நிமிர்த்தி வைத்தபோது" என்ற சொற்கள் முக்கியம். படுக்க வைத்ததும் உதறல் இல்லை, ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்கும் டாக்டருக்கு இது வலிப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று தோன்றும். அதே தாளில் "வலிப்பு வந்தது" என்று எழுதியிருந்தால் அவர் வேறு பாதையில் தேடத் தொடங்குவார். கண்டது நாலைந்து உதறல். எழுத வேண்டியதும் நாலைந்து உதறல்.

வலிப்பா என்று பிரித்தறிய டாக்டர் தேடும் வேறு சில விஷயங்களும் உண்டு. நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறதா, முகம் வெளிறியதா, நீலம் பாய்ந்ததா, விழித்த பிறகு எவ்வளவு நேரம் குழப்பமாக இருந்தார். வலிப்புக்குப் பிறகு பலர் வெகுநேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பார்கள். மயக்கம் தெளிந்தவர் களைப்பாக இருந்தாலும் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடுவார். பெயர், கிழமை, இடம் கேட்டது அதற்காகத்தான். நாக்கைப் பார்த்தால், காயம் இல்லாவிட்டாலும் "நாக்கில் காயம் இல்லை" என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தமாகும்.

வெளிறியதைப் பற்றி ஒரு வார்த்தை. பல முதலுதவிப் புத்தகங்களில் முகம் வெளுக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும், உதட்டையும் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும். எங்கே பார்த்தோம் என்பதையும் எழுதினால் நல்லது.

நாடியை "30 விநாடியில் 27" என்று எண்ணியபடியே எழுதியிருக்கிறார். அந்தப் பரபரப்பில் இரண்டால் பெருக்குவதில் தவறு நேரலாம். நிமிடத்துக்கு 54 என்பதைப் பிறகு யாரும் போட்டுக்கொள்ளலாம். மயக்கத்தின்போது துடிப்பு இப்படி மெதுவாக இருந்து பிறகு ஏறுவது வழக்கம். ஆனால் ஒன்று: பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரின் நாடியைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. அப்போது பார்க்க வேண்டியது மூச்சு. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, மூச்சுச் சத்தம் கேட்கிறதா, கன்னத்தில் காற்றுப் படுகிறதா என்று கவனிப்பது. இதற்கு 10 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து திணறுகிறார் என்றால் அது மயக்கம் அல்ல; இதயம் நின்றிருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இதயம் நிற்கும்போதும் முதலில் சில உதறல்கள் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். நடந்ததைச் சரியாக எழுதுவது அப்புறம்.

குறிப்பின் மிச்சம் இது:

"11:45. அவரே சொன்னது: விரதம், காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும். இதற்கு முன் மயங்கியதில்லை. நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் இல்லை. சுகர், பிரஷர் மாத்திரை எதுவும் இல்லை. மருந்து ஒவ்வாமை இல்லை. நெற்றியில் வலப்பக்கம் சிறு வீக்கம், ரத்தம் இல்லை. சிரிக்கச் சொன்னேன், இரு கைகளையும் தூக்கச் சொன்னேன்; இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன.

11:50. நாடி 30 விநாடியில் 36. எழுப்பி உட்கார வைத்தோம். மறுபடி தலை சுற்றுவதாகச் சொன்னார். திரும்பப் படுக்க வைத்தோம்.

12:05. உட்கார்ந்தார், தலைசுற்றல் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், சிறிது சிறிதாகக் குடித்தார்."

11:50 வரியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுவார்கள், அவசரப்பட்டு எழுப்பிவிட்டோமே என்ற கூச்சம். டாக்டருக்கு அது நல்ல தகவல். உட்கார்ந்ததும் மறுபடி சுற்றுகிறது என்றால் பிரஷர் இன்னும் நிலைக்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்த நேரமும் முக்கியம்: முழு விழிப்பு வந்த பிறகுதான் கொடுத்திருக்கிறார். அரை மயக்கத்தில் வாயில் ஊற்றினால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

தாளில் "லோ பிபி", "லோ சுகர்" என்ற சொற்கள் எங்குமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிரஷரையோ சுகரையோ யாரும் அளக்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவர் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்து, விழித்த பிறகும் நடுக்கமும் வியர்வையும் தொடர்ந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கலாம். அப்போதும் எழுத வேண்டியது கொடுத்த அளவு, நேரம், அதற்குப் பிறகு கண்ட மாற்றம், இவ்வளவுதான். "விசேஷமா இருக்குமோ" என்று பின்னால் யாரோ முணுமுணுத்ததும் தாளில் ஏறக் கூடாது. கருவுற்றிருக்கிறாரா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

நேரங்களைப் பற்றிச் சந்தேகம் வரலாம். பதற்றத்தில் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால், "அஞ்சு நிமிஷம் அப்படியே கிடந்தாங்க" என்பார். பயத்தில் விநாடிகள் நீண்டு தெரியும். ஆபீசில் ஒரு வசதி, நேரத்துக்கு வேறு சாட்சிகள் உண்டு. அவர் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சல் 11:39 என்று காட்டலாம். முதலுதவியாளரைக் கூப்பிட்ட அழைப்பின் நேரம் போனில் இருக்கும். இவற்றை வைத்து நேரத்தைச் சரிபார்த்து, "சுமார்" என்பதை வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எழுதியதில் பிழை இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒயிட்னர் வைத்து மறைத்தால் தாள் முழுவதன் மேலும் சந்தேகம் வரும்.

தெளிந்துவிட்டாரே, சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கட்டும் என்று விடலாமா? நான் விடமாட்டேன். காரணம் "உட்கார்ந்தபடியே" என்ற அந்த ஒரு சொல். சாதாரண மயக்கம் பெரும்பாலும் நின்றிருக்கும்போது வரும். உட்கார்ந்திருக்கும்போதும் வரலாம்தான், ஆனாலும் இதயத் துடிப்பில் கோளாறு உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டிய நிலை அது. இவர் விஷயத்தில் கண் இருட்டியது, காது அடைத்தது, வியர்த்தது என்று முன்னறிகுறிகள் இருந்தது ஆறுதல். முன்னறிகுறியே இல்லாமல் சட்டென்று சாய்ந்திருந்தாலோ, படபடப்புக்குப் பின் மயங்கியிருந்தாலோ, நெஞ்சு வலி இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ கவலை கூடும். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்திருந்தாலோ யோசிக்காமல் 108தான். இவருக்கு அதெல்லாம் இல்லை. ஆனால் முதல் மயக்கம், நெற்றியில் அடி, ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புவதற்கு இது போதும்.

எப்படிப் போகிறார் என்பதும் எழுத வேண்டிய விஷயம். வாசலில் ஸ்கூட்டி நிற்கிறது, "நானே போயிக்கிறேன் சார்" என்பார். விடக் கூடாது. வழியில் இன்னொரு முறை கண் இருட்டினால் என்ன ஆகும்? குறிப்பின் கடைசி வரிகள் இப்படி முடிகின்றன: "12:40. தம்பி வந்தார். தலைவலி கூடினால், வாந்தி எடுத்தால், அளவுக்கு மீறித் தூங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஸ்கூட்டிச் சாவி தம்பியிடம். குறிப்பின் நகலையும் அவரிடமே கொடுத்தேன். மூலம் ஒட்டிய உறையில் மனிதவளப் பிரிவில்." மயங்கியவர் டாக்டரிடம் போக மறுத்திருந்தால் அதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, நேரம் போட்டு, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். நகல் யார் கையில் போனது என்பதைக் குறிப்பிடாத தாள் பெரும்பாலும் அலுவலக மேஜை இழுப்பறையிலேயே கிடந்துவிடுகிறது. டாக்டர் கேட்கும்போது தம்பி, "நான் அப்போ இல்லைங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும்.