முதியவர்களும் ஆஸ்பிரினும்: அன்றும் இன்றும்

1940களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கிளென்டேல் என்ற ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்றொரு மருத்துவர் இருந்தார். டான்சில் அகற்றியவர்களுக்கு வலி குறைய, ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை மெல்லச் சொல்வார். அதை அளவுக்கு மீறி மென்றவர்களுக்குத் தொண்டையில் ரத்தக்கசிவு நிற்கவில்லை. இன்னொரு மருத்துவராக இருந்தால் சூயிங்கம்மை நிறுத்தியதோடு விட்டிருப்பார். கிரேவன் ஒரு படி மேலே யோசித்தார். ரத்தம் உறைவதை இந்த மருந்து தடுக்கிறது என்றால், இதயக் குழாயில் ரத்தம் உறைந்து வரும் மாரடைப்பையும் தடுக்குமே!

ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு அவர் ஆஸ்பிரின் கொடுத்தார். அவர்களில் யாருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று எழுதினார். மாத்திரை சாப்பிடாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டாததால் மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1957இல் கிரேவனே மாரடைப்பில் இறந்தார்.

இந்தக் கதையில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஆஸ்பிரின் இதயத்தைக் காக்கலாம் என்பதற்குக் கிடைத்த முதல் தடயமே ரத்தக்கசிவுதான். 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தபோது அதன் காரணமும் தெளிவாயிற்று. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் பொருளை ஒரு நொதி தயாரிக்கிறது. ஆஸ்பிரின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. தட்டணுவால் புது நொதியைச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாட்கள் வரை அது முடங்கியே கிடக்கும். தினமும் 75 மில்லிகிராம் என்ற சின்ன அளவே போதும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அதே நொதிக்கு இரைப்பையில் வேறு வேலை. அமிலம் அரிக்காதபடி உட்சுவரைக் காக்கும் கோழைப் படலத்துக்கு அது துணை நிற்கிறது. அதை முடக்கினால் இரைப்பைக்கு இருந்த காவல் தளர்கிறது. புண் விழுந்தால், அதை அடைக்க வேண்டிய தட்டணுக்களும் செயலற்றுக் கிடக்கின்றன. இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையும் வயிற்றுக்கு வரும் கேடும் ஒரே செயலின் இரு முகங்கள்.

அன்றைக்குத் தராசு நன்மையின் பக்கம் சாய்ந்திருந்தது. அமெரிக்காவில் சுமார் 22,000 ஆண் மருத்துவர்கள் தங்களையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார்கள். பாதிப் பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மீதிப் பேர் மருந்தில்லா வெற்று மாத்திரையும் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் வெற்று மாத்திரைக்காரர்களில் 239 பேருக்கு மாரடைப்பு. ஆஸ்பிரின்காரர்களில் 139 பேருக்குத்தான். பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆஸ்பிரின் பகுதியை முன்கூட்டியே நிறுத்தி, 1988இல் முதற்கட்ட முடிவையும் 1989இல் முழு முடிவையும் அறிவித்தார்கள். ஆயிரம் பேருக்கு ஒன்பது மாரடைப்புகள் குறைந்த கணக்கு அது. ரத்தம் ஏற்ற வேண்டிவந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 48, மறுபக்கம் 28 என்ற செய்தியும் அதே ஆய்வில் இருந்தது. ஆனால் மாரடைப்புக் கணக்கு அதை மறைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டினால் தினம் ஒரு ஆஸ்பிரின் என்ற வழக்கம் உலகெங்கும் பரவியது.

முப்பது ஆண்டுகள் கழித்து, அதே கேள்வியை முதியவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் 19,114 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்; இதய நோய் இல்லாதவர்கள். தினம் 100 மில்லிகிராம், சுமார் ஐந்து ஆண்டுகள். 2018இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலான பாதிப்புகள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 47 பேருக்கு, சாப்பிடாதவர்களில் 49 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. கடுமையான ரத்தக்கசிவோ ஆயிரத்துக்கு 38, 28. இந்தப் பத்துப் பேர் வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

மாத்திரை மாறவில்லை, மனிதர்கள் மாறியிருந்தார்கள். இன்று ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன, புகைப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆஸ்பிரின் தடுக்க வேண்டிய மாரடைப்புகளில் பலவற்றை இவையே தடுத்துவிடுகின்றன. மறுபக்கம், வயது ஏற ஏற இரைப்பைச் சுவர் நலிகிறது. வேறு அபாயம் எதுவும் இல்லாத 70 வயதுக்காரர் ஆஸ்பிரின் சாப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகளில் வயிற்றிலோ குடலிலோ கடுமையாக ரத்தம் கசியும் வாய்ப்பு 400இல் ஒன்றுதான் என்று ஆஸ்ப்ரீ கணக்குச் சொல்கிறது. 80ஐத் தொட்டு, ஆஸ்பிரினும் சாப்பிட்டு, உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம் போன்றவையும் சேர்ந்துவிட்டால் அது 20இல் ஒன்று வரை போகிறது.

இது நடக்கும் விதத்தை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 74 வயதுப் பெரியவர், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார், மாரடைப்பு வந்ததில்லை. ஸ்டென்ட் வைத்த நண்பர் ஆஸ்பிரின் சாப்பிடுவதைப் பார்த்து, தானும் மருந்துக் கடையில் 75 மில்லிகிராம் அட்டையை வாங்கி ஆரம்பிக்கிறார். மூட்டுவலி கூடும் நாட்களில் டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொள்கிறார். ஏழெட்டு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது. இதயம்தான் பலவீனமாகிவிட்டது என்று பயந்து, மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிடுகிறார். பரிசோதித்தால் ஈசிஜியில் கோளாறு இல்லை. ஹீமோகுளோபின் 8க்கு இறங்கியிருக்கிறது. துருவிக் கேட்டபிறகுதான், சில வாரமாக மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போவதைச் சொல்கிறார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிகிறது. வயிறு ஒருநாளும் வலித்ததே இல்லை.

ஆஸ்பிரினால் வரும் புண் பலருக்கு வலியே தராது. வலி இல்லை என்பதை வைத்துப் புண் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரையும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்த பிறகுதானே அந்த நொதியை உடலெங்கும் முடக்குகிறது? அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் இரைப்பைக் கசிவைக் குறைக்கும். கீழ்க்குடலில் வரும் கசிவை அவற்றால் தடுக்க முடியாது.

வழிகாட்டுதல்களும் மாறிவிட்டன. 2019இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள், இதய நோய் இல்லாத 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமாக ஆஸ்பிரின் தர வேண்டாம் என்றன. 2022இல் அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, 60 வயதிலிருந்தே புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் 75 வயதை ஒட்டி நிறுத்துவதை யோசிக்கலாம் என்றும் சொன்னது.

இவையெல்லாம் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களுக்கான பேச்சு. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்குத் தராசு இன்றும் ஆஸ்பிரின் பக்கமே சாய்ந்திருக்கிறது. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தினால், ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆஸ்பிரின் இருந்தால், "இது எதற்காக, யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.